மூன்றெழுத்துக் குடும்பங்கள்

மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்காக எழுதப்பட்டு, இன்று பல நாடுகளில் அரபி வகுப்புகளில் புழங்கும் ஒரு பாடநூல் வரிசை உண்டு. அதை எழுதியவர் நம் வாணியம்பாடிக்காரர், வி. அப்துர் ரஹீம். 1933இல் பிறந்து 2023இல் மறைந்தவர். அந்த வரிசையின் முதல் நூலில் முதல் பாடம் மிக எளிமையானது. ஒரு பொருளைக் காட்டி 'ஹாதா', அதாவது 'இது', என்று தொடங்கி அதன் பெயரைச் சொல்லும். இது வீடு, இது பள்ளிவாசல், இது கதவு, இது புத்தகம், இது பேனா, இது சாவி, இது மேசை. அரபியில் பைத், மஸ்ஜித், பாப், கிதாப், கலம், மிஃப்தாஹ், மக்தப்.

மாணவர் இவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே உருப்போடுவார். அது தவறில்லை, முதல் நாளில் வேறு வழியும் இல்லை. புத்தகத்துக்கு 'கிதாப்', மேசைக்கு 'மக்தப்'. இரண்டுக்கும் உறவிருப்பதாக அந்தப் பாடம் வாயே திறக்காது. ஆனால் கிதாபிலும் மக்தபிலும் உயிரொலிகளை நீக்கி மெய்களை மட்டும் பார்த்தால், இரண்டிலும் க, த, ப என்ற மூன்றும் அதே வரிசையில் நிற்கின்றன. மக்தபில் முன்னால் ஒரு 'ம' கூடுதல், அவ்வளவுதான். அந்த மூன்று மெய்களும் சேர்ந்தால் 'எழுதுதல்' என்ற கருத்து. எழுதப்பட்டது கிதாப். எழுதும் இடம் மக்தப். மேசை, அலுவலகம் இரண்டுக்கும் அதே சொல். எழுதினான் 'கதப'. எழுதுபவர் 'காதிப்'. எழுதப்பட்ட ஒன்று 'மக்தூப்', அது கடிதத்துக்கும் பெயர். நூலகத்துக்கும் புத்தகக் கடைக்கும் 'மக்தபா'.

முதல் ஆண்டு சொற்பயிற்சிகளில் பல இந்தக் குடும்ப உறவைக் கண்டுபிடிக்கச் சொல்பவைதாம். ஒரு சொல்லைத் தந்து வேரைக் கேட்பார்கள். அல்லது வேரைத் தந்து உறவுச் சொற்களைக் கேட்பார்கள். இரண்டும் ஒரே பயிற்சியின் இரு பக்கங்கள்போல் தோன்றும். உண்மையில் முதலாவது மாணவரைக் காப்பாற்றும். இரண்டாவது, கொஞ்சம் கவனிக்காவிட்டால், அவரைக் கவிழ்த்துவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

தமிழில் சொல் வளர்வது வால் பக்கமாக. 'படி' என்ற பகுதியை எடுத்துக்கொண்டால் படிப்பு, படித்தவர், படிப்பகம், படிக்கிறாள் என்று எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும். பகுதி பெரும்பாலும் முகம் மாறாமல் முன்னால் நிற்கும். அரபியிலும் முன்னொட்டு பின்னொட்டுகள் உண்டு என்றாலும், பெரிய வேலை நடப்பது சொல்லின் வயிற்றுக்குள். மூன்று மெய்களும் இடம் மாறாமல் நிற்க, அவற்றின் இடையே உயிரொலிகள் மாறும், ஒரு மெய் இரட்டிக்கும், முன்னால் ஓர் எழுத்து வந்து சேரும். மெய்கள் கருத்தைச் சுமக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள அமைப்பு, அது செயலா, செய்பவரா, செய்யப்பட்டதா, செய்யும் இடமா என்பதைச் சொல்கிறது.

அந்த அமைப்புக்கு அரபி இலக்கணத்தில் 'வஸ்ன்', அதாவது எடை, என்று பெயர். தமிழில் இதற்கு இதைவிட நல்ல சொல் நம் கையிலேயே இருக்கிறது: வாய்பாடு. பள்ளியில் 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்று படித்திருப்போம். வந்து, உண்டு, போய் எல்லாம் அந்த வாய்பாட்டில் அடங்கும். எந்த வினைக்கும் பொதுவாக நிற்க ஒரு வினை வேண்டும் என்று தேடிய தமிழ் இலக்கணிகள் 'செய்' என்பதைப் பிடித்தார்கள். அரபி இலக்கணிகளும் அதே வேலைக்குப் பிடித்தது 'ஃபஅல' என்ற சொல்லை. அதன் பொருளும் 'செய்தான்' என்பதுதான். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதாக இரு பக்கத்திலும் தடயம் இல்லை. எந்த வினையின் இடத்தையும் நிரப்பக்கூடிய வினை அதுவாகத்தான் இருக்க முடியும் என்று இரண்டு மரபுகளுக்கும் பட்டிருக்கிறது.

ஆக, வேரின் முதல் மெய்க்கு ஃப, இரண்டாம் மெய்க்கு தொண்டையிலிருந்து வரும் 'அய்ன்' என்ற எழுத்து, மூன்றாம் மெய்க்கு ல. 'காதிப்' என்பதை அளந்தால் 'ஃபாஇல்' வாய்பாடு: செய்பவர். 'மக்தூப்' என்பதை அளந்தால் 'மஃப்ஊல்' வாய்பாடு: செய்யப்பட்டது. 'மக்தப்' என்பது 'மஃப்அல்': செய்யும் இடம். நாளிதழ்களில் அடிக்கடி வரும் 'தாலிபான்' என்ற சொல்லுக்குள் இருக்கும் 'தாலிப்' என்பதும் ஃபாஇல்தான். தேடுபவர், அதாவது மாணவர். அதன் மஃப்ஊல் 'மத்லூப்', தேடப்படுவது.

ஒரு வேரை முழுமையாக எடுத்துப் போட்டுப் பார்த்தால் இது பிடிபடும். மதரஸா என்று நாம் எல்லோரும் அறிந்த சொல்லிலிருந்து தொடங்கலாம். அரபி உச்சரிப்பில் 'மத்ரஸா'. முன்னால் நிற்கும் 'ம' இடத்தைக் குறிக்கிறது, கடைசி 'ஆ' பெண்பால் ஈறு. இரண்டையும் கழற்றினால் மிஞ்சுவது த–ர–ஸ. 'தரஸ' என்றால் படித்தான். படிக்கும் இடம் மத்ரஸா. பாடம் 'தர்ஸ்', பாடங்கள் 'துரூஸ்'. பன்மைக்கு வாலில் எதுவும் சேரவில்லை, உள்ளே உயிர் மட்டும் மாறியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மத்ரஸாவின் பன்மை 'மதாரிஸ்', அதுவும் அப்படித்தான். இப்போது நடு மெய்யை இரட்டிக்கலாம்: 'தர்ரஸ', படிக்கவைத்தான், அதாவது கற்பித்தான். நடு மெய் இரட்டித்தால் பல வினைகளில் தன்வினை பிறவினையாகும். கற்பித்தல் 'தத்ரீஸ்', கற்பிப்பவர் 'முதர்ரிஸ்'. படிப்பு என்ற பொதுப்பெயர் 'திராஸா'. ஒரு வேரைக் கொண்டு இத்தனை சொற்கள், அதுவும் முதல் ஆண்டிலேயே தேவைப்படுபவை.

இவ்வளவு தெரிந்ததும் மாணவருக்கு உற்சாகம் பொங்கும். ஆசிரியரும் அடுத்த பயிற்சியைத் தருவார்: கீழ்க்காணும் வினைகளிலிருந்து இடப்பெயரை உருவாக்குக. சமைத்தான் 'தபக'. அப்படியென்றால் சமைக்கும் இடம் 'மத்பக்'. சரி, சமையலறைக்கு அதுதான் சொல். விளையாடினான் 'லஇப'. விளையாடும் இடம் 'மல்அப்'. அதுவும் சரி, விளையாட்டுத் திடல். உருவாக்கினான் 'ஸனஅ'. தொழிற்சாலை 'மஸ்னஅ'. இதுவும் சரி. அடுத்தது, உட்கார்ந்தான் 'ஜலஸ'. மாணவர் தயங்காமல் 'மஜ்லஸ்' என்று எழுதுவார். இங்கே சிவப்பு மை விழும். சரியான சொல் 'மஜ்லிஸ்', அவை.

ஏன் இ? விடை, அந்த வினையின் நிகழ்கால வடிவத்தில் இருக்கிறது. அரபியில் ஒவ்வொரு எளிய வினைக்கும் நடு மெய்யோடு வரும் உயிர் எது என்று தனியாக நினைவில் வைக்க வேண்டும். எழுதுகிறான் 'யக்துபு', நடுவில் உ. விளையாடுகிறான் 'யல்அபு', நடுவில் அ. உட்காருகிறான் 'யஜ்லிஸு', நடுவில் இ. நிகழ்காலத்தில் அ அல்லது உ இருந்தால் இடப்பெயரில் அ வரும். இ இருந்தால் இடப்பெயரிலும் இ. அதனால்தான் மக்தப், மல்அப், ஆனால் மஜ்லிஸ். இறங்கினான் என்பதற்கு 'நஸல', இறங்குகிறான் 'யன்ஸிலு'. ஆகவே இறங்கும் இடம் 'மன்ஸில்', வீடு. நம் ஊர்களில் எத்தனையோ வீட்டு வாசல்களில் பெயர்ப்பலகையில் இந்த மன்ஸில் இருக்கிறது. வேரின் முதலெழுத்து 'வ' ஆக இருந்தாலும் இ தான் வரும். நின்றான் 'வகஃப', பேருந்து நிற்கும் இடம் 'மவ்கிஃப்'.

இந்த விதியைப் படித்த கையோடு மாணவர் முதல் பாடத்துக்குத் திரும்பினால் ஒரு சிக்கல் காத்திருக்கும். தலை வணங்கித் தரையில் நெற்றி வைத்தலுக்கு 'ஸஜத'. நிகழ்காலம் 'யஸ்ஜுது', நடுவில் உ. விதிப்படி இடப்பெயர் 'மஸ்ஜத்' ஆக வேண்டும். ஆனால் உலகம் முழுவதும் மஸ்ஜித். சூரியன் மறையும் திசையும் நேரமும் 'மக்ரிப்'. அதன் வினையிலும் நிகழ்காலத்தில் உ தான், ஆனால் இடப்பெயரில் இ. உதிக்கும் திசையான 'மஷ்ரிக்' கதையும் அதேதான். இலக்கணிகள் இவற்றை விதிவிலக்குகள் என்று ஒரு சிறு பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அரபியில் மிக அதிகம் புழங்கும் சொற்கள் சில அந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். எந்த மொழியிலும் நாளும் வாயில் அடிபடும் சொற்கள்தாம் விதிக்குள் வராமல் தப்பித்துக்கொள்ளும்.

உயிர் மாறினால் இவ்வளவு பிழையா என்று கேட்கலாம். எழுதும்போது பெரும்பாலும் தெரியாது. அரபி நாளிதழிலும் நாவலிலும் குறில் உயிர்களை எழுதுவதில்லை. க, த, ப என்று மூன்று எழுத்து மட்டும் இருக்கும். அது 'கதப' (எழுதினான்) ஆகலாம், 'குதிப' (எழுதப்பட்டது) ஆகலாம், 'குதுப்' (புத்தகங்கள்) ஆகலாம். எது என்று வாக்கியத்தின் போக்கை வைத்தும், எந்த இடத்தில் எந்த வாய்பாடு பொருந்தும் என்ற பழக்கத்தை வைத்தும் வாசகர் தானே நிரப்பிக்கொள்கிறார். வாய்பாடுகளை முதல் ஆண்டிலேயே வலியுறுத்துவதற்கு உண்மையான காரணம் இதுதான். புதுச் சொற்களைப் படைப்பதற்காக அல்ல, கண்ணால் பார்ப்பதை வாயால் படிப்பதற்காக.

இனி மறுதிசைப் பயிற்சி: சொல்லைத் தந்து வேரைக் கேட்பது. இது வெறும் வித்தையல்ல. அரபியின் பெரிய அகராதிகள் பல வேர் வரிசையில் அமைந்தவை. மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கையில் அதிகம் இருக்கும் அரபி அகராதியைத் தொகுத்த ஜெர்மானியரின் பெயர் ஹான்ஸ் வேர். வேர் அகராதிக்காரருக்கு வேர் என்றே பெயர் அமைந்த வேடிக்கையைத் தமிழர்களால் மட்டுமே ரசிக்க முடியும். ஜெர்மன் பதிப்பு 1952இல் வந்தது, மில்டன் கோவன் பதிப்பித்த ஆங்கில வடிவம் 1961இல். அதில் மக்தபைத் தேடி 'ம' பக்கத்துக்குப் போனால் கிடைக்காது. 'க' பக்கத்தில் க–த–ப என்ற தலைப்பின் கீழ்தான் அது இருக்கும்.

வேரைக் கண்டுபிடிக்க ஒரு பழைய உதவி உண்டு. வேருக்கு வெளியிலிருந்து வந்து சேரக்கூடிய எழுத்துகள் மொத்தம் பத்துதான். அந்தப் பத்தையும் அரபி ஆசிரியர்கள் 'ஸஅல்துமூனீஹா' என்ற ஒரே சொல்லில் அடைத்துவைத்திருக்கிறார்கள். 'அதை என்னிடம் கேட்டீர்கள்' என்பது பொருள். ம, த, ன, ஸ, ய, வ போன்றவை அதில் உள்ளன. அந்தப் பத்தில் இல்லாத எழுத்து சொல்லில் இருந்தால் அது வேரெழுத்து என்று துணிந்து சொல்லலாம். ஆனால் அந்தப் பத்தில் இருப்பதாலேயே ஓர் எழுத்து கூடுதல் என்று முடிவுகட்ட முடியாது. மாணவர்கள் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இரண்டு சொற்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 'மதார்' என்றால் விமான நிலையம். 'மதர்' என்றால் மழை. வித்தியாசம் ஒரு நெடில்தான். இரண்டிலும் முன்னால் ம. மதாரைப் பார்த்த மாணவர், 'ம வந்தால் இடம்' என்று சரியாகவே ஊகிப்பார். அதே கையோடு மதரையும் ஓர் இடமாக்கப் பார்ப்பார். எப்படிச் சோதிப்பது? அந்தச் சொல்லின் சொந்தக்காரர்களை வரவழைக்க வேண்டும். மழையின் பன்மை 'அம்தார்', மழை பெய்யும் வானிலைக்கு 'மும்திர்'. எங்கே போனாலும் அந்த ம கூடவே வருகிறது, ஆகவே அது வேரெழுத்து: ம–த–ர. விமான நிலையத்தின் உறவினர்களோ 'தைர்' (பறவை), 'தாயிரா' (விமானம்), 'தய்யார்' (விமானி). இவற்றில் ம இல்லவே இல்லை. அதோடு மதாரில் காணாமல்போன ஓர் எழுத்தும் இங்கே வெளிப்படுகிறது: தைரிலும் தய்யாரிலும் நடுவில் ய தெரிகிறது. வேர் த–ய–ர, பறத்தல். மதாரில் அந்த ய நெடிலாக உருகிவிட்டது.

இப்படி உருகும் எழுத்துகள் இரண்டு, வ மற்றும் ய. அரபி இலக்கணம் அவற்றை நோயாளி எழுத்துகள் என்றே சொல்கிறது. வேரில் இவை இருந்தால் சில வடிவங்களில் நெடிலாக மாறிவிடும், சிலவற்றில் மறைந்தே போகும். எடை என்று பொருள்படும் 'வஸ்ன்' என்ற சொல்லையே பார்க்கலாம். கருவியைக் குறிக்கும் வாய்பாடு 'மிஃப்ஆல்'. திறந்தான் என்ற 'ஃபதஹ'விலிருந்து சாவி 'மிஃப்தாஹ்' வருவது அப்படித்தான். வ–ஸ–ன வேரை அதில் ஊற்றினால் 'மிவ்ஸான்' வர வேண்டும். ஆனால் இகரத்தை அடுத்து வரும் வகரம் ஈகாரமாக நீண்டு, 'மீஸான்' என்றாகிறது: தராசு. மீஸானில் வகரம் எங்கே என்று கேட்டால் மாணவர் திகைப்பார். பன்மை 'மவாஸீன்' என்று சொன்னதும், ஒளிந்திருந்த வகரம் வெளியே வந்துவிடும். சொல்லின் பன்மையையும் வினையையும் சேர்த்தே படிக்கச் சொல்லி ஆசிரியர்கள் நச்சரிப்பதற்கு இப்படியொரு பலனும் இருக்கிறது.

நீண்ட சொல் ஒன்றையும் உரித்துப் பார்ப்போம். மருத்துவமனை 'முஸ்தஷ்ஃபா'. முன்னால் மு, பிறகு ஸ, த. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அது ஒரு வாய்பாட்டின் அடையாளம், 'ஒன்றை நாடுதல்' என்ற கருத்து அதில் அடிக்கடி இருக்கும். பாவமன்னிப்பு கேட்பதைத் தமிழ் முஸ்லிம்கள் 'இஸ்திக்ஃபார்' என்பார்கள், மன்னிப்பை நாடுதல். முஸ்தஷ்ஃபாவில் அந்த முன்பகுதியைக் கழற்றினால் மிஞ்சுவது ஷ, ஃப, கடைசியில் ஒரு நெடில். மூன்றாவது எழுத்து எங்கே? குணமாக்குகிறான் என்பது 'யஷ்ஃபீ'. ஆக நெடிலுக்குள் இருப்பது ய. வேர் ஷ–ஃப–ய, குணமாக்குதல். குணம் நாடிப் போகும் இடம் மருத்துவமனை. நம்மூரில் மருந்தகங்களுக்கும் சிகிச்சை நிலையங்களுக்கும் 'ஷிஃபா' என்று பெயர் வைக்கிறார்களே, அது இந்த வேரின் இன்னொரு பிள்ளை.

தமிழ் வழியில் அரபி கற்பவர்களுக்கு என்றே ஒரு தனிக் குழி இருக்கிறது. நோட்டில் அரபிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம் அது. இதயம் என்பதற்கும் நாய் என்பதற்கும் அரபியில் வேறு வேறு சொற்கள். முதலாவது தொண்டையின் அடியில் பிறக்கும் 'காஃப்', இரண்டாவது நம் ககரம் போன்ற காஃப். தமிழில் எழுதினால் இரண்டுமே 'கல்ப்'. நம் தகரத்துக்குள் அரபியின் பல எழுத்துகள் போய் ஒளிந்துகொள்கின்றன, ஸகரத்துக்குள்ளும் அப்படித்தான். இந்தக் கட்டுரையும் அந்தக் குறையோடுதான் எழுதப்படுகிறது. மேலே மத்ரஸாவின் தகரமும் மதாரின் தகரமும் அரபியில் வேறு வேறு எழுத்துகள். வாசிக்க இது போதும். வேரைத் தேட மட்டும் தமிழ் எழுத்தை நம்பக் கூடாது. நோட்டில் வேரை அரபி எழுத்தில், மூன்றையும் பிரித்துப் பிரித்து எழுதினால் அகராதியில் தவறான பக்கத்துக்குப் போக நேராது.

இப்போது கவிழ்க்கும் பயிற்சிக்கு வருவோம். தூங்கினான் என்பதற்கு வேர் ந–வ–ம. தூங்கும் இடம் என்ன என்று கேட்டால், வாய்பாட்டை நன்றாகப் பழகிய மாணவர் மதாரின் சாயலில் 'மனாம்' என்று உருவாக்குவார். வடிவம் துல்லியமாகச் சரி. சொல்லும் இருக்கிறது. ஆனால் அரபியில் மனாம் என்றால் தூக்கம், கனவு. 'என் மனாம் மாடியில் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் அரபியர் கொஞ்சம் யோசிப்பார். படுக்கையறைக்கு அவர்கள் 'தூக்கத்தின் அறை' என்று இரண்டு சொல்லாகச் சொல்கிறார்கள். வாய்பாடு சொல்லுக்கு ஒரு வேலையைத்தான் ஒதுக்குகிறது. அந்த வேலைக்கு மக்கள் வேறு சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறார்களா, அல்லது அந்த வடிவத்தை வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டார்களா என்பது அதற்குத் தெரியாது. மக்தபாவுக்கு 'எழுதும் இடம்' என்று ஊகித்தால் நூலகம் கிடைக்காது, புத்தகக் கடையும் கிடைக்காது.

பொருள் காலத்தோடு நகர்வதும் உண்டு. 'ஃபஅஆல்' என்ற வாய்பாட்டில் நடு மெய் இரட்டித்து நெடில் வரும். ஒரு வேலையைத் தொழிலாகச் செய்பவரை அது குறிக்கும். ரொட்டி சுடுபவர் 'கப்பாஸ்', தச்சர் 'நஜ்ஜார்', சமையல்காரர் 'தப்பாக்', கூடாரம் தைப்பவர் 'கய்யாம்'. உமர் கய்யாமின் பெயரில் இருப்பது அந்தக் கூடாரத் தொழில்தான். இதே வாய்பாட்டோடு பெண்பால் ஈறு சேர்ந்தால் இன்று இயந்திரங்கள் வரும். பனி 'தல்ஜ்', குளிர்பதனப் பெட்டி 'தல்லாஜா'. கழுவினான் 'கஸல', சலவை இயந்திரம் 'கஸ்ஸாலா'. சென்றான் என்ற வேரிலிருந்து 'ஸய்யாரா', கார். அதே ஸய்யாரா குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் பயணக் கூட்டம் என்ற பொருளில் வருகிறது. சொல் பழையது, வாய்பாடு பழையது, பொருள் மட்டும் நான்கு சக்கரத்தில் ஏறிக்கொண்டது.

எல்லாச் சொல்லுக்கும் ஒரே வேரில் ஒரே கருத்து இருக்கும் என்று நம்புவது இன்னொரு மயக்கம். 'ஜமல்' என்றால் ஒட்டகம், 'ஜமால்' என்றால் அழகு, 'ஜும்லா' என்றால் மொத்தம், வாக்கியம். மூன்றும் ஜ–ம–ல. பாலைவனத்தாருக்கு ஒட்டகம் அழகாகத் தெரிந்தது என்று யாராவது கதை கட்டுவார்கள். கதை நன்றாக இருக்கும், சான்று இருக்காது. கிதாபின் வேரைப் பற்றியே பத்தாம் நூற்றாண்டு அகராதியாளர் இப்னு ஃபாரிஸ், அதன் அடிப்படைக் கருத்து எழுதுதல் அல்ல, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்தல் என்றார். படைப்பிரிவைக் குறிக்கும் 'கதீபா' அதே வேரில் இருப்பதற்கு அந்த விளக்கம் பொருந்துகிறது. அவர் அப்படி ஒவ்வொரு வேருக்கும் மூலக் கருத்து தேடி ஒரு முழு அகராதியே எழுதினார். முதல் ஆண்டு மாணவர் அந்த வேலையில் இறங்க வேண்டியதில்லை. ஒரே எழுத்துகள் இருந்தாலும் கருத்து ஒட்டவில்லையென்றால் இரண்டாகவே எழுதிக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

என் கணிப்பில், வேரைத் தந்து சொற்களைப் படைக்கச் சொல்லும் பயிற்சியில் ஒரு கட்டம் கூடுதலாக இருக்க வேண்டும். மாணவர் வடிவத்தை உருவாக்கட்டும், பொருளை ஊகித்து எழுதட்டும், பக்கத்திலேயே அகராதி என்ன சொல்கிறது என்பதற்கு ஓர் இடம் விட்டிருக்கட்டும். மத்பக் வரிசையில் இரண்டும் ஒத்துப்போகும். மனாம் வரிசையில் பிரியும். பிரியும் சொற்கள்தாம் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை. மற்றவை வாய்பாட்டிலேயே நினைவில் நிற்கும்.

அரபியே தெரியாத தமிழ் வாசகரும் இந்தப் பயிற்சியைச் செய்துபார்க்கலாம். நவாபுகள் காலத்திலும் கம்பெனி ஆட்சியிலும் வரிக் கச்சேரிகள் வழியாகப் பாரசீகமும் உருதும் சுமந்துவந்த அரபிச் சொற்கள் நம் பேச்சில் நிறைய. அமல்படுத்துகிறோம், அமலாக்கத் துறை சோதனை நடத்துகிறது. 'அமல்' என்றால் செயல். அதன் மஃப்ஊல் வாய்பாடு 'மஅமூல்', செய்யப்படுவது, வழக்கமாக நடப்பது. அதுதான் நம் மாமூல். அமலாக்கத் துறையும் மாமூலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். லெபனானில் மஅமூல் கேட்டால், பேரீச்சம்பழம் வைத்த ஒரு பெருநாள் இனிப்பைக் கொடுப்பார்கள். நீதிமன்றத்தில் 'ஆஜர்' என்பது 'ஹாளிர்', ஃபாஇல் வாய்பாடு, முன்னிலையில் இருப்பவர். மதரஸா ஆசிரியரை மரியாதையாக அழைக்கும் 'ஹஜ்ரத்' அதே வேர், முன்னிலை. பாரசீக வழியாக வந்ததால்தான் நடுவில் ஜ ஒலி. நேரே அரபியிலிருந்து எடுத்தவர்கள் ரமளான் என்றும், வடக்கு வழியாக எடுத்தவர்கள் ரம்ஜான் என்றும் சொல்வது இதே காரணத்தால்.

வாரிசு என்பது 'வாரிஸ்', ஃபாஇல் வாய்பாடு, மரபுரிமை பெறுபவர். தஞ்சைப் பக்கத்து மிராசுதாரின் 'மிராசு' அரபியில் 'மீராஸ்', மரபுரிமைச் சொத்து. முதல் சொல்லில் வகரம் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. மீஸானை நினைத்துக்கொண்டால் மீராஸ் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்: மிவ்ராஸ். வாரிசும் மிராசும் ஒரே வேர்.

கடைசியாக ஒரு பொறி. வசூல், மகசூல், தாசில். மூன்றும் வரித் துறைச் சொற்கள், மூன்றும் சூல், சில் என்று ஒரே மாதிரி முடிகின்றன. மூன்றும் ஒரே குடும்பம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். மகசூல் அரபியில் 'மஹ்ஸூல்', மஃப்ஊல் வாய்பாடு. தமிழில் ஹகரம் ககரமாகிவிட்டது. கிடைத்தது, விளைந்தது என்று பொருள். இன்றும் அரபியில் விளைச்சலுக்கு அதுதான் சொல். தாசில் 'தஹ்ஸீல்', தத்ரீஸ் போன்ற வாய்பாடு, ஈட்டுதல், திரட்டுதல். அதோடு பாரசீக 'தார்' சேர்ந்து தாசில்தார். இரண்டுக்கும் வேர் ஹ–ஸ–ல. வசூலோ 'வுஸூல்', வந்து சேர்தல். அதன் வேர் வ–ஸ–ல. மகசூலில் முதல் மெய்யான ம வாய்பாட்டுக்குச் சொந்தம், வசூலில் முதல் மெய்யான வ வேருக்கே சொந்தம். ஹான்ஸ் வேர் அகராதியில் ஒன்று முன்பகுதியிலும் மற்றது கடைசிப் பக்கங்களிலும் இருக்கும்.